மலைக்குப் போன மூன்று நாள்: ஆபிரகாமின் கதையை யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் எப்படிச் சொல்கிறார்கள்

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். கடவுள் கட்டளையிட்டபடி அவனைப் பலியிட மலைக்கு அழைத்துப் போகும் தந்தை ஆபிரகாமின் கையில் நெருப்பும் கத்தியும் இருக்கின்றன. விறகை மகன் சுமந்து வருகிறான். நெருப்பும் கட்டையும் இருக்கின்றன, பலிக்கான ஆட்டுக்குட்டி எங்கே என்று அவன் கேட்கிறான். "தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்" என்கிறார் ஆபிரகாம். இதே அதிகாரத்தின் பின்பகுதியில் அந்த மலைக்குப் பெயர் வைக்கும்போது திரும்பவும் வரும் எபிரேய வினைச்சொல்லுக்குக் 'காணுதல்' என்றும் பொருள், 'ஏற்பாடு செய்தல்' என்றும் பொருள். பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'பார்த்துக்கொள்வார்' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கிக்கொள்கிறது. பழைய தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு மொழி தானே கைகொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று.

ஆபிரகாமின் வாழ்க்கை நெடியது. ஆதியாகமத்தின் கணக்குப்படி அவர் 75 வயதில் ஆரானை விட்டுக் கானானுக்குப் புறப்பட்டார். 86 வயதில் அடிமைப்பெண் ஆகார் வழியாக இஸ்மவேலையும், 100 வயதில் மனைவி சாராள் வழியாக ஈசாக்கையும் பெற்றார். 175 வயதில் இறந்தார். மூன்று சமயத்தாரும் அவரைத் தங்கள் தந்தை என்கிறார்கள். ஆயினும் அந்த நெடிய வாழ்வில் எந்த நாளை முதன்மைப்படுத்துகிறார்கள், அந்த நாளில் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதில் மூவரும் வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது மகனைப் பலியிடப் போன கதையில்தான் என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஆதியாகமம் இந்த நிகழ்ச்சியைப் பத்தொன்பதே வசனங்களில், மிகுந்த சொற்சிக்கனத்தோடு சொல்லி முடிக்கிறது. மூன்று நாள் நடையில் தந்தை என்ன நினைத்தார் என்பது இல்லை. சாராளுக்குத் தெரியுமா என்பது இல்லை. கட்டப்பட்டபோது மகன் திமிறினானா, இசைந்தானா என்பதும் இல்லை. தூதன் தடுத்த பிறகு, புதரில் கொம்பு சிக்கி நின்ற ஆட்டுக்கடா பலியான பிறகு, "ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம் திரும்பினான்" என்று ஒருமையில் வருகிறது. ஈசாக்கு திரும்பியதாக ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வந்த விளக்கங்கள் பெரும்பாலும் இந்த மௌனங்களில்தான் வேர்விட்டன.

யூத மரபு இந்தக் கதைக்கு வைத்த பெயர் 'பலி' அல்ல. 'அகேதா', அதாவது 'கட்டுதல்'. மகனைக் கட்டினான் என்று சொல்லும் அந்த வினைச்சொல் எபிரேய வேதம் முழுவதிலும் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பலி நடக்கவில்லை, கட்டுதல்தான் நடந்தது என்ற துல்லியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

யூத விளக்கம் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரிக்கும் முறை கொண்டது. "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை" என்று கட்டளை நான்கு படியாக வருவது ஏன்? இதை உரையாசிரியர்கள் ஓர் உரையாடலாக விரித்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியும் தம் உரையில் அதை எடுத்தாண்டார். "உன் மகனை" என்கிறார் கடவுள். "எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்களே" என்கிறார் ஆபிரகாம். "ஒரே மகனை." "இவன் தன் தாய்க்கு ஒரே மகன், அவனும் தன் தாய்க்கு ஒரே மகன்." "நீ நேசிக்கிறவனை." "இருவரையுமே நேசிக்கிறேன்." அதன் பிறகுதான் ஈசாக்கு என்ற பெயர் வருகிறது. இஸ்மவேல் தந்தையின் அன்பிலிருந்து விலக்கப்படவில்லை என்பதை ஒரு யூத உரையே இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது கவனிக்கத்தக்கது.

அடுத்த கேள்வி மகனின் வயது. சாராளுக்கு 90 வயதானபோது ஈசாக்கு பிறந்தான். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே 127 வயதில் அவள் இறந்த செய்தி வருகிறது. மகனைப் பற்றிய செய்தி கேட்டுத்தான் அவள் உயிர் பிரிந்தது என்று யூத அறிஞர்களான ரபிகள் இரண்டையும் இணைத்தார்கள். அப்படியானால் கட்டப்பட்டபோது ஈசாக்குக்கு வயது 37. நூறு வயது தாண்டிய முதியவர் 37 வயது ஆடவனை அவன் இசைவின்றிக் கட்டியிருக்க முடியாது. ஆகவே ஈசாக்கு தானே முன்வந்தவன் ஆகிறான். நான் அச்சத்தில் நடுங்கிப் பலி கெட்டுவிடாதபடி என்னை இறுக்கிக் கட்டுங்கள் என்று தந்தையிடம் கேட்டுக்கொண்டான் என்கிறது பழைய ரபிகளின் விளக்க நூல். எல்லோரும் இதை ஏற்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் இப்னு எஸ்ரா, அவன் வளர்ந்த ஆடவனாக இருந்திருந்தால் வேதம் தந்தையை மட்டும் புகழ்ந்திருக்காது, ஏறக்குறைய 13 வயதுச் சிறுவனாகத்தான் இருந்திருப்பான் என்று வாதிட்டார். எனக்கு அவருடைய வாதமே வலுவாகப் படுகிறது. எனினும் மக்கள் மனத்தில் நின்றது இசைந்து கிடந்த ஈசாக்குதான்.

அது நின்றதற்குக் காரணம் வழிபாடு. இலையுதிர் காலத்தில் வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஆகாரும் இஸ்மவேலும் வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட அதிகாரம் ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. இரண்டாம் நாளில் அகேதா. ஊதப்படும் 'ஷோஃபார்' ஆட்டுக்கடாவின் கொம்பு. அது அன்று புதரில் சிக்கிய கடாவைக் கடவுளுக்கு நினைவூட்டுவதற்காக என்கிறது ரபிகளின் பெருந்தொகுப்பான தால்மூத். அன்றைய மன்றாட்டில் வரும் ஒரு வரி யூதப் பார்வை முழுவதையும் திறந்து காட்டுகிறது: உம் விருப்பத்தை நிறைவேற்ற ஆபிரகாம் தன் இரக்கத்தை அடக்கிக்கொண்டதுபோல, உம் இரக்கம் உம் கோபத்தை அடக்கட்டும். இங்கே அகேதா மனிதர் பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாக மட்டும் நிற்கவில்லை. உடன்படிக்கையின் மறுபக்கத்தில் இருக்கும் கடவுளிடம் உரிமையோடு எடுத்துக்காட்டும் ஆதாரமாகவும் நிற்கிறது. எங்கள் தந்தை இதைச் செய்தார், அதை நினைத்து எங்களை விட்டுவிடும் என்ற மன்றாட்டு அது. மலையின் இடமும் இதோடு சேர்கிறது: சாலொமோன் ஆலயம் கட்டியது மோரியா மலையில் என்று இரண்டாம் நாளாகமம் சொல்வதால், எருசலேம் வழிபாடு முழுவதுமே அந்த நாளின் மேல் எழுந்ததாக யூதர் கண்டனர்.

துன்ப காலங்களில் இந்தக் கதை தாங்க முடியாத கனம் பெற்றது. 1096-இல் முதல் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரை நகரங்களைத் தாக்கியபோது, மைன்ஸ் நகர யூதர்கள் பலர் கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சித் தங்கள் பிள்ளைகளையும் தங்களையும் மாய்த்துக்கொண்டனர். அதைப் பதிவுசெய்த எபிரேயக் குறிப்பு, ஒரே நாளில் இத்தனை கட்டுதல்கள் எப்போதாவது நடந்ததுண்டா என்று கேட்டது. அன்று ஆபிரகாமின் கையைத் தடுத்த குரல் இம்முறை கேட்கவில்லை.

கிறித்தவ வாசிப்பு இந்த மலையிலிருந்து தொடங்கவில்லை. அது ஒரு நடைமுறைச் சிக்கலிலிருந்து தொடங்கியது. கி.பி. 50-களில் இயேசுவை ஏற்ற கிரேக்கரும் கலாத்தியரும் ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற சச்சரவு எழுந்தது. வேண்டும் என்றவர்களுக்கு ஆபிரகாமே சான்று: விருத்தசேதன உடன்படிக்கை அவரோடுதான் செய்யப்பட்டது. திருத்தூதர் பவுல் அதே ஆபிரகாமை எடுத்துக்கொண்டு, ரோமருக்கு எழுதிய மடலின் 4-ஆம் அதிகாரத்தில், நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்று கேட்டார். "ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது" என்ற வசனம் ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில், அவருடைய 99-ஆம் வயதில் நடக்கிறது. இடையில் 16-ஆம் அதிகாரத்தில், 86-ஆம் வயதில், இஸ்மவேல் பிறக்கிறான். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் உடலில் அடையாளம் இடப்பட்டதற்கும் இடையே குறைந்தது 13 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் விருத்தசேதனம் இல்லாத விசுவாசி. ஆகவே விருத்தசேதனம் இல்லாமல் விசுவாசிக்கும் எல்லோருக்கும் அவர் தந்தை என்பது பவுலின் முடிவு. கிறித்தவம் இனவழி எல்லையைத் தாண்டி விரிவதற்கு வேதத்துக்குள்ளிருந்தே கிடைத்த வலுவான வாதங்களில் இது ஒன்று.

யூத மரபு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. ஆபிரகாம் என் கட்டளைகளையும் நியமங்களையும் கைக்கொண்டான் என்று 26-ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே சீனாய் மலையில் தோரா என்னும் சட்டம் அருளப்படும் முன்பே அவர் தோரா முழுவதையும் கடைப்பிடித்தார் என்கிறது ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா. பவுலுக்குச் சட்டத்துக்கு முந்தைய மனிதர் ஆபிரகாம். ரபிகளுக்குச் சட்டம் வருமுன்னரே அதை வாழ்ந்த மனிதர் ஆபிரகாம்.

பவுலின் வாதத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கலாத்தியர் 4-இல் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளின் உருவகமாக்கி, அடிமைப்பெண்ணான ஆகாரைச் சீனாய் மலையோடும் அன்றைய எருசலேமோடும் இணைத்தார். சொந்த மக்களோடு நடந்த உள்வாதமாக எழுதப்பட்டது அது. திருச்சபை யூதரல்லாதவர்களால் நிரம்பிய பிறகு, அதே வரிகள் யூதர்களைப் புறந்தள்ளும் ஆயுதமாக நூற்றாண்டுகள் பயன்பட்டன.

விசுவாசமா, செயலா என்பதில் புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே ஒருமித்த குரல் இல்லை. யாக்கோபின் மடல் அதே 15-ஆம் அதிகார வசனத்தை எடுத்து, ஆபிரகாம் தன் மகனைப் பலிபீடத்தின்மேல் வைத்தபோதுதான் அது நிறைவேறிற்று என்கிறது. செயலில்லாத விசுவாசம் செத்தது என்கிறது. பவுலின் வழியே பேசிய மார்ட்டின் லூதர் இந்த மடலோடு இறுதிவரை ஒத்துப்போக முடியாமல், 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அதைப் பின்பகுதிக்குத் தள்ளினார்.

மலைக்கு வரும்போது கிறித்தவர்கள் உற்றுப் பார்த்தது வேறொரு சொல். வேலைக்காரரிடம் ஆபிரகாம், நானும் பிள்ளையும் தொழுதுவிட்டுத் "திரும்பி வருவோம்" என்கிறார். பலியிடப் போகிறவர் 'வருவோம்' என்று பன்மையில் எப்படிச் சொல்ல முடியும்? பொய் சொன்னார் என்று கொள்ளலாம். நம்பிச் சொன்னார் என்றும் கொள்ளலாம். மரித்தோரிலிருந்து எழுப்பவும் கடவுள் வல்லவர் என்று அவர் எண்ணினார், மகனைத் திரும்பப் பெற்றது அதற்கு ஒரு முன்னடையாளம் என்கிறது எபிரெயருக்கு எழுதிய மடலின் 11-ஆம் அதிகாரம். மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ அறிஞர் ஓரிகன் அந்தப் பன்மையையே பிடித்துக்கொண்டு தம் பிரசங்கத்தில் விளக்கினார். விறகு சுமந்த மகன் சிலுவை சுமந்த இயேசுவாகவும், முட்புதரில் சிக்கிய கடா முள்முடி தரித்தவராகவும் வாசிக்கப்பட்டனர். தன் சொந்த மகனென்றும் பாராமல் ஒப்புக்கொடுத்தார் என்று ரோமர் 8-இல் பவுல் கடவுளைப் பற்றிச் சொல்லும்போது, 22-ஆம் அதிகாரத்தின் சொற்களே எதிரொலிக்கின்றன. கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில், இருளில் மெழுகுவத்திகளோடு நடத்தும் திருவிழிப்பில் இந்த அதிகாரம் இரண்டாம் வாசகமாக வருகிறது. எனவே கிறித்தவ வாசிப்பில் இறுதியாக வெளிப்படுவது ஆபிரகாம் என்ன செய்தார் என்பதைவிடக் கடவுள் என்ன செய்தார் என்பதே. ஆபிரகாமுக்கு நிறுத்தப்பட்ட கை, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியில் நிறுத்தப்படவில்லை.

குர்ஆனில் இப்ராஹீம் நபியின் கதை தொடங்குவது தந்தையாக அல்ல, மகனாக. நட்சத்திரம், நிலவு, சூரியன் ஒவ்வொன்றையும் பார்த்து, மறைபவற்றை நான் நேசிக்க மாட்டேன் என்று விலகும் இளைஞர் அவர். தம் மக்களின் சிலைகளை உடைத்துவிட்டுப் பெரிய சிலையை மட்டும் விட்டுவைத்து, அதனிடமே கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவர். அதற்காக நெருப்பில் எறியப்பட்டபோது, நெருப்பே, இப்ராஹீமுக்குக் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் ஆகிவிடு என்று இறைக்கட்டளை வந்தது. ஆதியாகமத்தில் இந்த நிகழ்ச்சி இல்லை. ஆனால் ரபிகளின் விளக்க நூலில் இதற்கு நெருங்கிய உறவு கொண்ட கதை இருக்கிறது: ஆபிரகாமின் தந்தை தேராகு சிலை விற்பவர், மகன் அந்தச் சிலைகளை உடைத்து, தடியைப் பெரிய சிலையின் கையில் வைத்துவிடுகிறான், அரசன் நிம்ரோத் அவனை நெருப்பில் போடுகிறான். இந்த உறவை வைத்து யார் யாரிடம் எடுத்தார்கள் என்று சண்டையிடுவதைவிட, சொல்பவரின் அழுத்தத்தைப் பார்ப்பது பயன் தரும். யூத நூலில் அது முன்கதை. குர்ஆனிலோ அதுவே இப்ராஹீமின் மையம்: பிறந்த வீட்டின் வழக்கத்துக்கு எதிராக ஓரிறைவனை நோக்கித் திரும்பியவர் என்பதுதான் 'ஹனீஃப்' என்ற அவருடைய பட்டத்தின் பொருள்.

பவுல் போலவே குர்ஆனும் கால வரிசையை வைத்து வாதிடுகிறது. இப்ராஹீமைப் பற்றி ஏன் தர்க்கிக்கிறீர்கள், யூதரின் வேதமான தவ்ராத்தும் கிறித்தவரின் வேதமான இன்ஜீலும் அவருக்குப் பின்னர் அல்லவா இறக்கப்பட்டன என்று மூன்றாம் அத்தியாயமான ஆலு இம்ரான் கேட்கிறது. அவர் யூதரும் அல்லர், கிறித்தவரும் அல்லர், இறைவனுக்குக் கட்டுப்பட்ட ஹனீஃப் என்று முடிக்கிறது. பவுல் அவரை விருத்தசேதனத்துக்கு முந்தியவர் ஆக்கினார். குர்ஆன் அவரை இரு சமயங்களுக்கும் முந்தியவர் ஆக்கியது.

மகனைப் பலியிடும் கதை 37-ஆம் அத்தியாயமான அஸ்ஸாஃப்பாத்தில் சில வசனங்களில் வருகிறது. கட்டளை கனவில் வருகிறது. தந்தை அதை மறைக்கவில்லை. என் அருமை மகனே, நான் உன்னை அறுப்பதாகக் கனவில் காண்கிறேன், உன் கருத்து என்ன என்று பார் என்று மகனிடமே கேட்கிறார். என் தந்தையே, உங்களுக்கு ஏவப்பட்டதைச் செய்யுங்கள், அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்கிறான் மகன். ஆதியாகமத்தில் விடை தெரியாமல் நின்ற கேள்வி இங்கே வசனத்துக்குள்ளேயே விடை பெற்றுவிடுகிறது. பிறகு "அவ்விருவரும் கட்டுப்பட்டபோது" என்று வருகிறது. அரபியில் இருவரை மட்டும் குறிக்கும் இருமை வினைவடிவம் உண்டு. 'இஸ்லாம்' என்ற சொல்லின் அதே வேரிலிருந்து பிறந்த வினை அந்த இருமையில் நிற்கிறது. சோதனைக்கு உட்பட்டவர் தந்தை மட்டும் அல்லர். இருவரும் ஒரே செயலில் முஸ்லிம்கள் ஆகிறார்கள். இஸ்லாமிய வாசிப்பின் உயிர் இந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது என்று சொல்வேன்.

அந்த மகன் யார்? குர்ஆன் பெயர் சொல்லவில்லை. இன்று முஸ்லிம்கள் பெரும்பாலும் இஸ்மாயீல் என்றே ஏற்கிறார்கள்; ஆனால் தொடக்க நூற்றாண்டுகளில் இது திறந்த விவாதம். 923-இல் மறைந்த குர்ஆன் உரையாசிரியர் தபரி, இரு தரப்புச் செய்திகளையும் வரிசைப்படுத்திவிட்டு, இஸ்ஹாக், அதாவது ஈசாக்கு என்ற முடிவுக்கே வந்தார். பதினான்காம் நூற்றாண்டின் இப்னு கஸீர் இஸ்மாயீல் என்று வாதிட்டார். பலி நிகழ்ச்சி முடிந்த பிறகே இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி அந்த அத்தியாயத்தில் வருகிறது. இஸ்ஹாக்குக்குப் பின் அவருடைய மகன் யஃகூப் பிறப்பார் என்று மற்றோரிடத்தில் முன்கூட்டியே வாக்களிக்கப்பட்டிருக்கையில், இஸ்ஹாக்கைச் சிறுவனாகவே பலியிடச் சொல்வது பொருந்தாது. மேலும் 'ஒரே மகன்' என்று சொல்ல முடிந்தவர், இஸ்ஹாக் பிறக்கும்வரை பதினான்கு ஆண்டுகள் தனி மகனாக இருந்த இஸ்மாயீல் மட்டுமே. இந்தக் கடைசி வாதம் ஆதியாகமத்தின் சொல்லையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. முன்பு பார்த்த ராஷியின் உரையாடலில் ஆபிரகாம் தயங்கி நின்றதும் இதே சொல்லில்தான்.

இஸ்லாம் இந்தக் கதையை நினைவுகூர்வதோடு நிறுத்தாமல் உடலால் நடத்துகிறது. ஹஜ் செய்வோர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பது, குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையாரின் ஓட்டம். நபிமொழித் தொகுப்பான புகாரியில் வரும் செய்தியில், ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் தம்மை விட்டுச் செல்லும் கணவரிடம் ஹாஜரா, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்கிறார்; ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பிவிடுகிறார். ஆதியாகமத்தில் வெளியேற்றப்பட்ட அடிமைப்பெண், பவுலிடம் உருவகமான அடிமைப்பெண், இங்கே தம் நம்பிக்கையால் ஒரு நகரத்தின் தொடக்கமாகிறார். இப்ராஹீமும் இஸ்மாயீலும் சேர்ந்து கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தியதாக அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. துல்ஹஜ் 10-ஆம் நாள், தமிழ்நாட்டில் பக்ரீத் என்றும் இலங்கையில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றும் சொல்லப்படும் நாளில், குர்பானி கொடுக்கப்படுகிறது. இறைச்சியில் ஒரு பங்கு வீட்டுக்கும் மற்றவை உறவினருக்கும் ஏழைகளுக்குமாகப் பிரிக்கப்படுவது வழக்கம். அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்று 22-ஆம் அத்தியாயம் தெளிவுபடுத்திவிடுகிறது. யூத மரபிலும் கிறித்தவத்திலும் மீட்புக் கடாவுக்குக் கிடைக்கும் விளக்கங்களிலிருந்து இஸ்லாமிய வாசிப்பு விலகி நிற்கும் இடம் இதுவே. இங்கே கடா ஒருவரின் குற்றத்தைச் சுமக்கவில்லை. கட்டுப்பட்ட மனத்துக்கு இறைவன் தந்த பதில் அது.

ஆபிரகாம் இறந்தபோது, "அவன் குமாரராகிய ஈசாக்கும் இஸ்மவேலும்" அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள் என்கிறது ஆதியாகமம் 25. சாராளை அடக்கம் செய்ய ஏத்தியனான எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து அவர் வாங்கிய நிலம் அது. மேற்குக் கரையில் உள்ள எபிரோனில் அந்த இடத்தைச் சுற்றி ஏரோது மன்னன் காலத்து மாபெரும் கல்மதில் இன்றும் நிற்கிறது. மதிலுக்குள் இருக்கும் கட்டடம் சிலுவைப் போர்க்காலத்தில் தேவாலயமாக இருந்து, பிறகு பள்ளிவாசலாயிற்று. அரபியில் அந்த ஊரின் பெயர் அல்கலீல், அதாவது 'நண்பர்'; இறைவனின் நண்பர் என்பது மூன்று வேதங்களும் அவருக்குத் தரும் பட்டம். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத்து விடியற்காலைத் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை யூதக் குடியேறி ஒருவன் அங்கே சுட்டுக் கொன்றான். அதன் பின்னர் கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆபிரகாமின் நினைவுக் கல்லறை நடுவில் இருப்பதால், யூதர் ஒரு பக்கத்துக் கம்பிச் சாளரம் வழியாகவும் முஸ்லிம்கள் மறுபக்கத்துச் சாளரம் வழியாகவும் அதைப் பார்க்கிறார்கள். ஈசாக்கின் கல்லறை உள்ள பெரிய மண்டபம் முஸ்லிம்களின் பகுதியில் அமைந்துவிட்டது. யூதர்களுக்கு அது ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் திறக்கப்படுகிறது.